ஐந்நூற்றில் ஒரு பங்கு

கோயம்புத்தூரில் தனியார் மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கல்லூரிகளில் போதைப்பொருள் விழிப்புணர்வுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போய்ப் பேசிவிட்டு வருவேன். மேடையில் ஒரு தவறும் கட்டிலோரத்தில் அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்திருக்கிறேன். தெரியாத விஷயத்தைத் தெரிந்தவன் குரலில் சொன்னதுதான் இரண்டுக்கும் வேர். இரண்டையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மேடையில் நடந்தது இது. நிட்டசீன் என்ற புதுவகைச் செயற்கை ஓபியாய்டுகளைப் பற்றி அப்போதுதான் படிக்கத் தொடங்கியிருந்தேன். படித்தது என்றால் தலைப்புச் செய்திகளைத்தான். மாணவர்களை மிரட்ட ஒரு எண் கையில் கிடைத்தது: ஹெராயினைவிட ஐந்நூறு மடங்கு வீரியம். அதைக் குரல் உயர்த்திச் சொன்னேன். “இந்த விஷம் நம்ம ஊருக்கும் வந்துவிட்டது” என்றும் சேர்த்துச் சொன்னேன். அதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. கோவையில் காவல்துறை அடிக்கடி பிடிப்பது கஞ்சாவும், மெத்தாம்ஃபெட்டமைனும், தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் வலி நிவாரணி மாத்திரைகளும்தான். அது தெரிந்தும் அப்படிப் பேசினேன்.

பின்வரிசையில் இருந்து ஒரு பையன் எழுந்தான். “சார், ஐந்நூறு மடங்கு வீரியம்னா ஐந்நூத்துல ஒரு பங்கு எடுத்தா அதே அளவுதானுங்களே? அப்புறம் எதுக்குங்க இது மட்டும் அதிகமாக் கொல்லுது?” என்றான்.

என்னிடம் பதில் இல்லை. இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. “என்ன தம்பி, எவ்வளவு எடுக்கலாம்னு கணக்குப் போடறியா?” என்று கேட்டேன். அரங்கம் சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான். மருந்தியல் பாடமே அவன் கேட்ட இடத்தில்தான் தொடங்குகிறது. அந்தப் பாடத்தை நான் முறையாகப் படித்துத் தேர்வு எழுதியவன். படித்ததை மறந்தது ஒரு குற்றம் என்றால், கேட்டவனைக் கூட்டத்தின் நடுவில் சந்தேகத்துக்குரியவனாக நிறுத்தியது அதைவிடப் பெரிய குற்றம்.

அவனுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது சொல்கிறேன். முதலில், அவன் சொன்னதில் பாதி முழுக்க உண்மை. வீரியம் அதிகம் என்பதாலேயே ஒரு மருந்து கொல்லாது. எங்கள் அறுவை அரங்கில் நாள்தோறும் ஃபென்டனில் போடுகிறோம். அது மார்ஃபினைவிட ஏறக்குறைய நூறு மடங்கு வீரியமானது. ஆனால் அதைத் தயாரித்த நிறுவனமே ஒரு மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று துல்லியமாகக் கரைத்து ஆம்பூலில் அடைத்துத் தருகிறது. போடுகிறவர் மயக்க மருத்துவர். நோயாளியின் மூச்சு நின்றால் அவருக்காக மூச்சுவிட இயந்திரம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஐந்நூற்றில் ஒரு பங்கை அளந்து எடுக்க முடியும். தெருவில் முடியாது.

எண்களை வைத்தே பார்க்கலாம். கடும் வலியில் இருக்கும் பெரியவர் ஒருவருக்கு வழக்கமாகப் போடும் மார்ஃபின் ஊசி 10 மில்லிகிராம். அதைவிட நூறு மடங்கு வீரியமான ஒரு பொருளில் அதே வேலைக்கு 0.1 மில்லிகிராம் போதும். ஒரு பாராசிட்டமால் மாத்திரையில் மருந்து மட்டும் 500 மில்லிகிராம் இருக்கிறது. அதை ஐயாயிரம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவுதான் இது. ராஜ வீதி நகைக்கடையில் தங்கம் நிறுக்கிற நல்ல தராசு மில்லிகிராம் வரை காட்டும். நாம் பேசுகிற அளவு அதற்கும் பத்தில் ஒரு பங்கு. அதை வைத்தாலும் அந்தத் தராசு பூஜ்யம்தான் காட்டும். பூஜ்யம் காட்டுகிற அளவுக்கும், மூச்சை நிறுத்துகிற அளவுக்கும் நடுவில் கண்ணுக்குப் புலப்படாத சில துகள்கள்தான் இருக்கின்றன.

அளந்து எடுத்தாலும் அத்தோடு முடியவில்லை. அந்தத் துளித் தூளை ஏதாவது மாவோடு கலந்துதான் பொட்டலமாகவோ மாத்திரையாகவோ ஆக்குகிறார்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். சாயத்தூளைச் சரியாகக் கரைக்காமல் தொட்டியில் விட்டால் துணியில் ஒரு பக்கம் வெளிறியும் ஒரு பக்கம் திட்டுத் திட்டாக அடர்ந்தும் விழும். அங்கே துணிதான் வீணாகும். இங்கே ஒரே அச்சில் அடித்த மாத்திரைகளில் ஒன்றில் மருந்தே இல்லாமலும், அடுத்ததில் மூன்று பங்கும் விழுந்திருக்கும். நேற்று ஒன்று போட்டு ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைக்கு எந்த உத்தரவாதமும் தராது.

2023 நவம்பரில் அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் நடந்தது இதுதான். ஹெராயின் என்று விற்ற பழுப்புத் தூளில் நிட்டசீன் கலந்திருந்தது. வாங்கியவர்களில் பலர் பழக்கப்பட்டவர்கள். தங்கள் அளவு தங்களுக்குத் தெரியும் என்று நம்பியவர்கள். தூளின் நிறமும் மாறவில்லை, அவர்கள் எடுத்த அளவும் மாறவில்லை. சில நாள்களுக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மூச்சு அடங்கி விழுந்தார்கள். டிசம்பரில் கார்க் நகரிலும் அப்படியே நடந்தது. எஸ்தோனியா என்ற சிறிய நாட்டில் 2023-ல் போதைப்பொருளால் இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் நிட்டசீன் இருந்தது. அந்த மாணவனின் கணக்கு அவர்களுக்கும் தெரிந்திருக்கலாம். போட்டுப் பார்க்க எதைப் பங்கிடுவது என்பதே அவர்களுக்குத் தெரியாது.

இனி, இந்தப் பொருள் ஏன் இவ்வளவு வீரியமானது என்ற கேள்வி. இதையும் நான் மேடையில் தொடவில்லை. தொட்டிருந்தால் தடுமாறியிருப்பேன்.

ஹெராயின் கசகசாச் செடியின் பாலில் இருந்து பிறக்கிறது. அந்தப் பாலில் உள்ள மார்ஃபினோடு இரண்டு அசெட்டைல் தொகுதிகளைச் சேர்த்தால் ஹெராயின். 1898-ல் பேயர் நிறுவனம் அதை இருமல் மருந்தாக விற்றது. ஹெராயின் தானாக மூளையில் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அதன் தனித்தன்மை வேகம். கொழுப்பில் எளிதாகக் கரைவதால் ரத்தத்தில் இருந்து மூளைக்குள் சட்டென்று நுழைகிறது. நுழைந்த பிறகு சேர்த்த தொகுதிகள் கழன்று மறுபடி மார்ஃபினாகிறது. வேலை செய்வது பெரும்பாலும் அந்த மார்ஃபினும் அதற்கு முந்தைய நிலையும்தான். அதனால் ஹெராயின் மார்ஃபினைவிட இரண்டு மூன்று மடங்குக்கு மேல் போவதில்லை. செடி கொடுத்த வடிவம் அதற்கு ஒரு வரம்பு போட்டுவிட்டது.

நிட்டசீனுக்கும் செடிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் சிபா என்ற மருந்து நிறுவனத்தின் வேதியியலாளர்கள், 1950-களின் கடைசியில் புதிய வலி நிவாரணியைத் தேடிக் கட்டியது அது. அவர்கள் எடுத்த அடித்தளம் பென்சிமிடசோல் என்ற இரட்டை வளையம். நமக்கு அது அன்னியமானதல்ல. பள்ளிக் குழந்தைகளுக்குக் கொடுக்கிற அல்பெண்டசோல் குடற்புழு மாத்திரை, வயிற்றுப் புண்ணுக்குப் போடுகிற ஒமெப்ரசோல், ஈரோட்டு மஞ்சள் விவசாயிகள் பூஞ்சைக்கு அடிக்கிற கார்பென்டசிம், மூன்றிலும் இதே வளையம்தான் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் குடற்புழு மாத்திரைக்குப் பயப்பட வேண்டாம். வளையத்தில் எதுவும் இல்லை. அதன் மேல் எதை எந்த மூலையில் மாட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சிபாவின் ஆட்கள் வளையத்தின் ஒரு முனையில் நைட்ரோ தொகுதியையும், எதிர்ப்பக்கம் இன்னொரு பென்சீன் வளையத்தையும், அதன் நுனியில் ஈத்தாக்சி என்ற சிறு வாலையும் வைத்தபோது கிடைத்தது எட்டோநிட்டசீன். சுண்டெலிகளில் சோதித்தால் மார்ஃபினைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. அந்த வாலில் ஒரு கார்பனைக் குறைத்தது மெட்டோநிட்டசீன். அது நூறு மடங்கு அளவில் நின்றது. நைட்ரோ தொகுதியை எடுத்துவிட்டால் அதுவும் பல மடங்கு இறங்கியது. வாலுக்குப் பதிலாகக் குளோரின் அணு வைத்த குளோநிட்டசீன், மார்ஃபினைவிடச் சில மடங்குதான். ஒரே குடும்பத்துக்குள் இவ்வளவு வித்தியாசம். அதனால் நிட்டசீன் என்றால் ஐந்நூறு மடங்கு என்று ஒரே மூச்சில் நான் சொன்னது பொய்யான எளிமை. அந்த மடங்குகளெல்லாம் எலியிலும், கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லிலும் கண்டவை. எட்டோநிட்டசீனே மனிதரில் அந்த ஆயிரத்தை எட்டவில்லை, அதைவிட வெகுவாகக் குறைவு. குறைந்த பிறகும் அது ஹெராயினைவிடப் பல மடங்கு மேலேயே நிற்கிறது.

ஒரு கார்பன் கூடினால், ஒரு தொகுதி மாறினால் ஏன் இத்தனை மாற்றம்? நம் மூளையிலும் தண்டுவடத்திலும் மியூ ஏற்பி என்ற புரதம் இருக்கிறது. ஓபியாய்டு எதுவானாலும் அதன் குழிக்குள் போய் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். மார்ஃபின் அந்தக் குழியின் நடுப்பகுதியில் மட்டும் உட்காருகிறது. நிட்டசீனின் நீண்ட உருவம், நடுவில் உட்கார்ந்ததோடு மார்ஃபின் எட்டாத ஒரு பக்கக் குழிக்குள்ளும் தன் நைட்ரோ முனையை நீட்டிக்கொள்கிறது. ஏற்பியை அணு அளவில் ஆராய்ந்தவர்கள் இப்படித்தான் விளக்குகிறார்கள். பிடி இறுகுகிறது. மிகக் குறைந்த அளவு மருந்து இருந்தாலும் ஏற்பிகள் நிறைந்துவிடுகின்றன.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. நான் சரியாகப் புரிந்துகொள்ள வெகுநாள் எடுத்தது இதைத்தான். ஏற்பியில் உட்காருவது ஒன்று, உட்கார்ந்து அதை எவ்வளவு தூண்டுகிறது என்பது வேறு. மார்ஃபின் உட்கார்ந்த ஏற்பி மிதமாகத்தான் தூண்டப்படுகிறது. ஏற்பிகளில் பெரும்பகுதி நிறைந்தால்தான் மூச்சு அடங்குகிற அளவுக்கு விளைவு சேரும். நிட்டசீன்களில் பலவும் உட்கார்ந்த ஒவ்வொரு ஏற்பியையும் முழுதாகத் தூண்டிவிடுகின்றன. சிறு பங்கு ஏற்பிகள் நிறைந்தாலே போதும். வீரியத்தை மட்டும் எண்ணி ஐந்நூற்றால் வகுக்கிற கணக்கு இந்த இடத்தில் உடைகிறது. அந்தப் பையனுக்கு நான் தர வேண்டிய பதிலின் இரண்டாவது பாதி இதுதான்: இது வெறும் செறிவான ஹெராயின் அல்ல, ஏற்பியை வேறு விதமாகப் பிடிக்கிற வேறு பொருள்.

உடலுக்குள் சிதைந்த பிறகும் நிட்டசீன் ஓய்வதில்லை. 2019-ல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தலைகாட்டிய ஐசோடோநிட்டசீன் உடலுக்குள் சிதையும்போது அதன் நைட்ரஜனில் இருந்து ஒரு சிறு தொகுதி கழல்கிறது. மிச்சம் இருக்கிற பொருளும் தாய்ப்பொருளுக்குச் சளைத்ததல்ல. அதையே தனியாகத் தயாரித்து விற்கவும் தொடங்கினார்கள்.

மியூ ஏற்பிகள் வலியைக் கடத்தும் பாதையில் மட்டும் இருந்திருந்தால் இவ்வளவும் நல்ல செய்தியாக இருந்திருக்கும். மூளைத் தண்டில் மூச்சின் தாளத்தை நடத்துகிற நரம்புக் கூட்டத்திலும் அவை இருக்கின்றன. ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் மூச்சை வேகப்படுத்துவது அந்த இடம். ஓபியாய்டு அதை மழுங்கடித்துவிடும். மூச்சு முட்டுகிறது என்ற தவிப்பே வராது. ஆள் தூங்குவதுபோல் இருப்பார், குறட்டைகூட விடுவார். மூச்சு நிமிடத்துக்குப் பத்தாகி, ஆறாகி, நின்றுவிடும். வலியைக் குறைக்கும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் உள்ள இடைவெளி இந்தக் குடும்பத்தில் குறுகியதாக இருந்ததால்தான் சிபா அதை மருந்தாக விற்கவில்லை. எட்டோநிட்டசீனும் குளோநிட்டசீனும் 1961-ல் உருவான ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையின் பட்டியலுக்குப் போயின. நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் இரண்டும் தடைசெய்யப்பட்டவை.

அறுபது வருடம் ஆய்வுத்தாள்களில் கிடந்ததை எடுத்து வந்தது சந்தை. 2019 மே மாதம் சீனா ஃபென்டனில் வகை முழுவதையும் ஒரே சட்டத்தில் கட்டிப்போட்டது. அதே வருடம்தான் ஐசோடோநிட்டசீன் வந்தது. அதைத் தடைசெய்தால் மெட்டோநிட்டசீன், அதைத் தடைசெய்தால் புரோட்டோநிட்டசீன் என்று வால் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. 2025-ல் சீனா நிட்டசீன் வகை முழுவதையும் கட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் தாலிபான் ஆப்கானிஸ்தானில் கசகசாச் சாகுபடியைத் தடைசெய்ததும் ஐரோப்பாவில் ஹெராயின் வியாபாரிகளை இந்தப் பக்கம் திருப்பும் என்று அங்குள்ளவர்கள் அஞ்சுகிறார்கள்.

இவ்வளவும் எங்கோ நடக்கிற கதை என்று விட்டுவிட என்னால் முடியாது. காரணம் என் இரண்டாவது தவறு. அதில் நிட்டசீன் இல்லை. நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த டபென்டடால் மாத்திரைதான் இருந்தது. ஆனால் அன்று நான் தவறிய அதே இடங்களில்தான் நிட்டசீன் வந்தாலும் தவறுவேன்.

கணபதி பக்கம் லேத் பட்டறையில் வேலை பார்க்கிற பையன் அவன். நள்ளிரவில் இரண்டு நண்பர்கள் வண்டியில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. மூச்சு நிமிடத்துக்கு ஆறு. பையும் முகமூடியும் வைத்து மூச்சு கொடுத்தோம். 0.4 மில்லிகிராம் நலாக்சோன் ஆம்பூல் ஒன்று நரம்பில் போட்டேன். இரண்டு நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து, வீட்டுக்குப் போகணும் என்று கத்தினான். நண்பர்கள் வாயைத் திறக்கவில்லை. சிறுநீர் எடுத்துப் போதைப்பொருள் கிட்டில் விட்டோம். மார்ஃபின் பட்டையில் இரண்டு கோடுகள் வந்தன. இரண்டு கோடு என்றால் நெகட்டிவ்.

பல்லடத்தில் இருந்து அப்பா வந்தார். விசைத்தறி ஓட்டுகிறவர். “ஏனுங்க டாக்டரு, பையன் ஏதாச்சும் போதை ஊசி போட்டிருக்கானுங்களா? எங்கிட்ட மறைக்காமச் சொல்லுங்க” என்றார்.

“டெஸ்ட்ல அந்த வகை எதுவும் இல்லீங்கய்யா. குடிச்சிருக்கான், தூக்க மாத்திரை ஏதோ போட்டிருக்கான். கூட்டிட்டுப் போங்க” என்றேன்.

ஒரு மணி நேரம்கூட அவனைப் படுக்கையில் வைக்கவில்லை. வாசலில் விபத்துக் கேஸ் ஒன்று காத்திருந்தது, கட்டில் தேவைப்பட்டது. அதைக் காரணமாகச் சொல்லமாட்டேன். சுருங்கிய கண்மணி, அடங்கிய மூச்சு, நலாக்சோனுக்கு எழுந்தது ஆகிய மூன்றையும் என் கண்ணால் பார்த்தேன். நலாக்சோன் ஓபியாய்டைத் தவிர வேறு எதையும் எழுப்பாது. சாராயமோ தூக்க மாத்திரையோ மட்டும் இருந்திருந்தால் அவன் எழுந்திருக்கமாட்டான். விடை கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தது. நான் கிட்டைப் பார்த்தேன்.

அந்தக் கிட்டில் இருப்பது மார்ஃபினின் உருவத்துக்கு ஏற்றபடி உருவாக்கிய எதிர்ப்புரதம். மார்ஃபின், கோடீன், ஹெராயின் சிதைந்தது என்று கசகசாவின் வாரிசுகளை மட்டும்தான் அது பிடிக்கும். டபென்டடால் வேறு உருவம், அதனால் பிடிபடவில்லை. ஃபென்டனிலும் அப்படியே, நிட்டசீனும் அப்படியே. ஃபென்டனிலுக்கென்று தனியாக வரும் பட்டையும் நிட்டசீனைக் காட்டாது. நிட்டசீனுக்கென்றே இப்போது வெளிநாடுகளில் பட்டை வந்திருக்கிறது. நைட்ரோ தொகுதி இல்லாத வகைகளை அதுவும் தவறவிடும். ரத்தத்தில் இந்தப் பொருள் மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் அளவிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்க நிறை நிறமாலைமானி இருக்கிற ஆய்வகம் வேண்டும். அந்த ஆய்வகமும் இதைத்தான் தேடுகிறோம் என்று முடிவு செய்து, ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரியோடு தேட வேண்டும். தேடாத இடத்தில் இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

விடியற்காலையில் அவனை மறுபடி கொண்டுவந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. நலாக்சோன் உடலில் வேலை செய்வது அரை மணியில் இருந்து ஒன்றரை மணி நேரம். உள்ளே போன மருந்து அதைவிட நீண்ட நேரம் இருந்தால், நலாக்சோன் விலகிய இடத்தில் மறுபடி போய் உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் தூங்குகிறான் என்று விட்டிருக்கிறார்கள். மூளைக்கு எவ்வளவு நேரம் பிராணவாயு போகவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. உயிர் பிழைத்தான். ஐசியுவில் இருந்து நடந்துதான் வெளியே போனான். ஆனால் காலையில் சொன்னது மதியம் நினைவில் இருப்பதில்லை. வரைபடத்தைப் பார்த்து அளவு வைக்கிற வேலைக்கு அவனால் திரும்ப முடியவில்லை.

அன்று காலையில் அவன் அப்பா, “மறுபடியும் எடுத்திருப்பானுங்களா?” என்று கேட்டார். “இருக்கலாமுங்க” என்றேன். அவன் மறுபடி எதையும் எடுத்திருக்க வேண்டியதில்லை, முதலில் எடுத்ததே போதும் என்று அந்த நிமிடம் எனக்குத் தெரியும். தெரிந்தே அப்படிச் சொன்னேன். பல மாதம் கழித்துப் பல்லடத்துக்கே போய் உண்மையைச் சொன்னேன். தறிச் சத்தத்தை நிறுத்திவிட்டு வந்து கேட்டார். நான் முடித்ததும், “அன்னைக்கே சொல்லியிருந்தா, வீட்டுக்கு வந்தவனை நான் அடிச்சிருக்கமாட்டேனுங்க” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

டபென்டடால் மார்ஃபினைவிட வீரியம் குறைந்தது. அதற்கே ஒரு ஆம்பூலும் ஒரு மணி நேரமும் போதவில்லை. அதனால்தான் நிட்டசீன்கள் என்னை உலுக்குகின்றன. நலாக்சோன் அவற்றுக்கு எதிராக வேலை செய்யாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு, வேலை செய்யும். ஆனால் முழுதாகத் தூண்டுகிற பொருள் சில ஏற்பிகளில் மிஞ்சியிருந்தாலே மூச்சை அடக்கிவிடும் என்பதால், இன்னும் அதிகமான ஏற்பிகளில் இருந்து அதைத் தள்ள வேண்டியிருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட முறை போட நேர்கிறது. எழுந்தவர் மறுபடி அடங்கிப்போகிற ஆபத்தும் அப்படியே நிற்கிறது.

கோவையில் நிட்டசீன் வந்துவிட்டது என்று இனி நான் சொல்லமாட்டேன். எங்கே எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன். வெளிநாடுகளில் நிட்டசீன் தூளாக மட்டும் வரவில்லை. ஆக்ஸிகோடோன், டயசெபாம் என்று அச்சடித்த போலி மாத்திரைகளாகவும் வந்திருக்கிறது. அட்டையில் இருந்து பிரித்து, உதிரியாக, பெயர் தெரியாமல் வாங்கித் தூளாக்கி ஊசியில் ஏற்றுகிற பழக்கம் நம் பையன்கள் சிலருக்கு ஏற்கெனவே இருக்கிறது. இந்தியாவில் தயாரித்த டபென்டடால் கலவை மாத்திரைகள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்குள்ளவர்களைச் சீரழித்த செய்தி 2025 பிப்ரவரியில் வெளிவந்தது. அரசு அந்தக் கலவையின் ஏற்றுமதி அனுமதியை ரத்து செய்தது. அதே மேற்கு ஆப்பிரிக்காவில், சியரா லியோனில் ‘குஷ்’ என்று புகைக்கிற போதைப்பொருளில் நிட்டசீன் இருப்பது தெரியவந்தது. மாத்திரையை நம்பி வாங்குகிற சந்தை இருக்கிற இடத்தில், மாத்திரைக்குள் இருப்பது மாறினால் வாங்குகிறவருக்குத் தெரியாது. எங்கள் கிட்டுக்கும் தெரியாது.

அவசரப் பிரிவில் என் கீழ் வேலை பார்க்கிற இளம் மருத்துவர்களுக்கு இப்போது ஒரே வரிசையில் சொல்லித் தருகிறேன். மூச்சை எண்ணு, ஒரு நிமிடம் முழுதாக எண்ணு. முதலில் மூச்சு கொடு, பிறகு ஊசி. நலாக்சோனைச் சிறு அளவில் தொடங்கி, மூச்சு திரும்பும் வரை ஏற்று. ஆள் எழுந்து உட்கார வேண்டும் என்பது குறியல்ல, மூச்சு நிமிடத்துக்குப் பத்தைத் தாண்டினால் போதும். கடைசி ஊசிக்குப் பிறகு இரண்டு மணி நேரமாவது கட்டிலை விட்டு விடாதே, மறுபடி அடங்கினால் நேரத்தைப் புதிதாகத் தொடங்கு. கிட் என்ன காட்டினாலும் இதில் எதையும் மாற்றாதே.

வீட்டில் இருப்பவர்களுக்கும் நண்பர்களுக்கும் சொல்வது இன்னும் குறைவு. உலுக்கியும் எழாமல், குறட்டை இழுத்து இழுத்து வந்தால் தூங்கட்டும் என்று விடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றிருந்தால் மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். என்ன போட்டான் என்று எங்களிடம் சொல்லுங்கள். கீழே கிடக்கிற வெற்று அட்டை, மிச்ச மாத்திரை, ஊசி வைத்த கவர் எது கிடைத்தாலும் கையோடு கொண்டுவாருங்கள். அந்த இரவில் அந்த நண்பர்கள் வாயைத் திறக்காததற்குக் காரணம் போலீஸ் பயம் மட்டுமல்ல, உள்ளே வந்ததும் நான் அவர்களிடம் பேசிய தொனியும்தான். இப்போது அவர்களைத் தனியாக அழைத்து உட்கார வைத்து, “தம்பி, எனக்கு மருந்தோட பேர் மட்டும் போதும்” என்று கேட்கிறேன். பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள்.